பாக்கி நோட்டும் வேக்குவம் பம்பும்

(வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பிய தோழர்களுக்கான சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஊருக்குத் திரும்பியவர் என்ன தொழில் செய்யலாம் என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று அழைத்த தோழரிடமே கேட்டேன். நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். மாத உதவித்தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதுவே எனக்குப் பெரிய வருமானம். இதுவரை ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை. ஆனால் என் படிப்புக்கான பணம் கத்தாரிலிருந்து வந்தது. என் அண்ணன் 11 ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். அவர் திரும்பி வந்த பிறகு நடந்ததை ஒவ்வொரு ரூபாயாக நான் அறிவேன், ஏனென்றால் கணக்கு எழுதிக் கொடுத்தது நான். அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "கணக்கச் சொல்லு தம்பி, என் பேரச் சொல்லாத" என்று சொல்லித்தான் வந்திருக்கிறார். எனவே ஒரே ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன். தொழில்முனைவோர் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை.

அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் பழைய ஒரு கணக்கு. வெளிநாட்டிலிருந்து திரும்பி இங்கே தொழில் தொடங்கியவர்களில் நமக்கு மிக வேண்டிய ஒருவர் இருக்கிறார். 1917இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க், லண்டன் படிப்பிலிருந்து திரும்புகிறார். பரோடா அரசின் உதவித்தொகையில் படித்ததால் பரோடாவுக்கு வேலைக்குப் போகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கி, பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். இது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்து நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பம்பாய் திரும்பியவர் பங்குச் சந்தையில் முதலீடு செய்வோருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், அந்த நகரத்தில் அதற்கு அவரைவிடத் தகுதியானவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொழில் ஆலோசனை சொல்கிறவர்கள் நம்மிடம் மூன்று கேள்விதான் கேட்பார்கள். முதல் எவ்வளவு? அனுபவம் என்ன? ஊரில் தேவை இருக்கிறதா? அம்பேத்கரின் தொழிலில் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. அப்படியும் அது விழுந்தது. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, நாட்டின் மொத்த நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் வைத்திருந்தவை 10 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது. மக்கள்தொகையில் நம் பங்கு அப்போது சுமார் 16 சதவீதம். இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதைப் புள்ளிவிவரத்தில் பார்க்க முடியாது. எங்கள் வீட்டு மளிகைக் கடையில் நான் பார்த்தேன்.

உலகக் கோப்பை கால்பந்துக்காகக் கத்தாரில் கட்டினார்கள் அல்லவா, அந்தக் கட்டட வேலைகளில் அண்ணன் ஏசி பிரிவில் இருந்தார். 2022 டிசம்பரில் போட்டி முடிந்தது. வேலையும் சுருங்கியது. 2023 ஜனவரியில் அண்ணன் வந்து இறங்கினார். கடைசிச் சம்பளம் மாதம் 1,800 ரியால், நம் பணத்தில் ஏறக்குறைய 40,000. வீடு கட்டியது, அக்கா கல்யாணம், என் படிப்பு எல்லாம் போக 11 ஆண்டுச் சேமிப்பாக அவர் கையில் இருந்தது எட்டரை லட்சம். ஊர், பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சின்னக் கடைவீதி உள்ள ஊர். கடைவீதிக்கும் எங்கள் காலனிக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் இருக்கும்.

அண்ணன் மளிகைக் கடை என்று முடிவு செய்தார். காரணம் எளிது. எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அரிசி பருப்பு கெட்டுப் போகாது, தெரியாத வேலை இல்லை. திரும்பி வருகிற பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வீர்கள். கடைவீதியில் ஒரு கடை காலியாக இருந்தது. போனில் பேசியபோது அட்வான்ஸ் 50,000, வாடகை 4,500 என்று முடிவானது. மறுநாள் நேரில் போனோம். எந்தத் தெரு, யார் பையன் என்று கேட்டார். சொன்னோம். "பாத்துச் சொல்றேன் தம்பி" என்றார். இரண்டு நாள் கழித்து, "எம் பையனே கடை வைக்கப் போறேங்கிறான்" என்று பதில் வந்தது. அந்தக் கடை அதற்குப் பிறகு ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. அடுத்து இரண்டு இடம் கேட்டோம். ஒன்றில் அட்வான்ஸை இரண்டு லட்சமாக்கினார்கள். ஒன்றில் பதிலே இல்லை.

ஆக, கடை எங்கள் வீட்டு முன்னறையில், காலனிக்குள் வந்தது. கதவை அகலப்படுத்தி ஷட்டர் போட்டு, ரேக், தராசு, பழைய ஃபிரீசர் ஒன்று எல்லாம் சேர்த்து 1,10,000. சரக்கு 2,40,000. மொத்தம் மூன்றரை லட்சம். ஏப்ரலில் கடை திறந்தது.

ஒரு நாள் வியாபாரம் சராசரியாக 4,000 ரூபாய். மாதம் 1,20,000. சோப்பு, பிஸ்கட்டில் ஒரு லாபம், அரிசி, எண்ணெயில் ஒரு லாபம், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்து சதவீதம், அதாவது 12,000. மின்கட்டணமும் சரக்கெடுக்கப் போகும் பெட்ரோலும் 3,000. கைக்கு 9,000. வீட்டுச் செலவு 12,000. மாதம் 3,000 குறைகிறது. இந்த 3,000 எங்கிருந்து வருகிறது? சரக்கிலிருந்து. கல்லாவில் இருக்கும் பணம் லாபமா முதலா என்று எழுதியிருக்காது. வீட்டுக்குக் காய்கறி வாங்க அதிலிருந்து எடுக்கிறோம். கடைக்காரர் தன் கடையையே தின்னுவது இப்படித்தான் தொடங்கும். கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ரேக்கில் இருக்கும் சரக்கை வாங்கிய விலையில் எண்ணிப் பார்க்க வேண்டும். நாங்கள் முதன்முதலாக எண்ணியது பத்தாவது மாதத்தில். நான் விடுமுறைக்கு வந்தபோது ரேக்கின் முன்வரிசை நிறைந்திருந்தது. கை நீட்டிப் பார்த்தேன், பின்னால் எதுவும் இல்லை.

ஆனால் பெரிய ஓட்டை இது இல்லை. பெரிய ஓட்டை பாக்கி நோட்டு.

காலனியில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வயல் வேலை, கட்டட வேலை, நூறுநாள் வேலை செய்கிறவர்கள். கட்டட வேலைக்குச் சனிக்கிழமை சம்பளம். நூறுநாள் வேலைக்கு எப்போது பணம் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. வருமானம் இப்படி வரும்போது மளிகைக் கடனில்தான் குடும்பம் ஓடும். அது அவர்கள் குற்றமில்லை. கடன் கொடுக்காத கடை அங்கே கடையே இல்லை. அண்ணனும் கொடுத்தார். 14 மாதத்தில் நோட்டில் நின்ற பாக்கி 1,30,000.

இங்கே நான் ஒரு ஆய்வு மாணவனாக யோசித்த ஒரே விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதே காலனி மக்கள் 20 ஆண்டாகக் கடைவீதியிலிருக்கும் ஒரு மளிகைக் கடையில் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடை நொடித்துப் போகவில்லை, மாடி கட்டியிருக்கிறது. அதே மக்கள், அதே கடன், அதே தாமதமான சம்பளம். பிறகு வித்தியாசம் எங்கே? அந்தக் கடைக்காரருக்கு எட்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. நம் பெண்கள் களையெடுக்கப் போவது அந்த நிலத்துக்கு. கூலியில் பிடித்துக்கொள்வார். அவர் மச்சான் கட்டட மேஸ்திரி. சனிக்கிழமை சம்பளம் அவர் கைவழியாக வருகிறது. அவசரத்துக்கு ஐயாயிரம் கைமாத்து வேண்டுமென்றாலும் அவரிடம்தான் நிற்க வேண்டும். எனவே பணம் வந்ததும் முதலில் அவர் கடனை அடைப்பார்கள், அண்ணன் கடன் அடுத்த மாதத்துக்குப் போகும். கடன் கொடுக்கச் சரக்கு இருந்தால் போதும். திரும்ப வாங்க நிலமும் கூலியும் ஊரில் ஒரு பிடியும் வேண்டும். அண்ணனிடம் இருந்தது சரக்கு மட்டும். அவர் கேட்டால் "நம்ம பையன்தானே, பொறுத்துப்பான்" என்பார்கள். அழுத்திக் கேட்டால் "வெளிநாட்டுக் காசு, அதான் திமிரு" என்பார்கள். எங்கள் சித்தப்பா ஒருவரே சொன்னார்.

கடைவீதியில் இருந்து ஒருவர்கூட எங்கள் கடைக்கு வந்து பொருள் வாங்கியதில்லை என்று சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்கு மேல் சிகரெட் வாங்க வருவார்கள்.

2024 ஜூனில் கடையை மூடினோம். மீதமிருந்த சரக்கு 68,000. ஃபிரீசர், ரேக், தராசு விற்றது 30,000. பாக்கியில் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது 45,000. போட்டது மூன்றரை லட்சம், திரும்பியது 1,43,000. இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. 14 மாதம் அண்ணனும் அண்ணியும் காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை நின்ற கூலியை இதில் சேர்க்கவில்லை. அதே காலத்தில் அப்பாவின் மருத்துவத்துக்கும் மற்றதுக்கும் ஒன்றரை லட்சம் செலவாகியிருந்தது. எல்லாம் போகக் கையில் 4,93,000.

இப்போது இரண்டாவது முடிவு. முதல் முடிவைவிட இது கடினம், ஏனென்றால் இனி ஒருமுறை தோற்கப் பணமில்லை.

வீட்டில் பல யோசனைகள் வந்தன. டிபன் கடை போடலாம் என்றார் அண்ணி, அவர் கைப்பக்குவம் நன்றாக இருக்கும். நான் வேண்டாம் என்றேன். 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சொல்லி எதிர்த்தார்கள், வழக்கானது. அது அரசு சம்பளம் தரும் வேலை, இலவசச் சாப்பாடு. அதற்கே அப்படி என்றால், எங்கள் ஊரில் காசு கொடுத்து இட்லி வாங்க யார் வருவார்கள்? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு தள்ளுவண்டி போட்டால் நிற்கிற லாரிக்காரருக்கு உங்கள் தெரு தெரியாது. அதே இட்லி அங்கே விற்கும். தொழில் ஒன்றுதான், வாங்குகிறவருக்கு உங்களை எவ்வளவு தெரியும் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. சொந்த ஊரில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும் என்பதைப் பிறருக்குச் சாதகம் என்பார்கள். நமக்கு அதைக் கழித்தல் குறி போட்டு எழுத வேண்டியிருக்கிறது.

சின்ன சரக்கு வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்றார் நண்பர் ஒருவர். மாதத் தவணை நிச்சயம், வாடகை நிச்சயமில்லை என்பதால் விட்டோம். மாடு என்றார்கள். எங்களுக்குத் தீவனம் போட ஒரு சென்ட் நிலம் இல்லை.

கடைசியில் அண்ணியே கேட்டார். "பதினோரு வருசம் ஏசி வேலை பாத்தீங்க, இங்க வந்து ஏன் உப்பு புளி வித்தோம்?"

கேள்வி நியாயம்தான். ஆனால் பதிலும் இருந்தது, அதை அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அவர் விசாவில் ஏசி டெக்னீசியன் என்று இருந்தது. உண்மையில் அவர் செய்தது பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்பில் குழாய் வேலை. செம்புக் குழாயை வளைப்பது, பற்றவைப்பது, அதன்மேல் உறை போடுவது. கோளாறு என்னவென்று கண்டுபிடிப்பது வேறு ஆளின் வேலை. பெரிய நிறுவனத்தில் வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், நம் ஆள் 11 ஆண்டும் ஒரே துண்டைச் செய்திருப்பார். ஊரில் ஒரு வீட்டு ஸ்பிளிட் ஏசி நின்றால் அது கெப்பாசிட்டரா, கம்ப்ரசரா, பிசிபியா என்று சொல்ல அவருக்குத் தெரியாது. தோழர்களே, உங்கள் விசாவில் இருக்கும் பெயரையும் உங்கள் கை செய்த வேலையையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எலக்ட்ரீசியன் என்று போனவர் எட்டு வருடம் ஒயர் இழுத்திருப்பார், பேனல் திறந்திருக்க மாட்டார்.

அண்ணன் திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் மூன்று மாதம் உதவியாளாகச் சேர்ந்தார். வயது 41. அவருக்கு மேலே இருந்த மெக்கானிக்குக்கு 26. "அண்ணே, அந்த ஏணியத் தூக்கிட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வானாம். சம்பளம் கிடையாது, பஸ் செலவும் மதியச் சாப்பாடும். அந்த மூன்று மாதத்தில் அண்ணன் கற்ற பாதி விஷயம் கத்தாரில் இல்லாதது. அங்கே மின்சாரம் சீராக வரும். நம் கிராமத்தில் மாலையில் மோட்டார்கள் ஓடும்போது 170 வோல்ட்டுக்கு இறங்கும், திடீரென்று ஏறும். இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி அதில்தான் போகிறது. புதுப் போர்டு விலை கேட்டால் வீட்டுக்காரர் ஏசியையே வேண்டாமென்பார். போர்டைப் பழுது பார்த்துத் தரும் ஆள் திருச்சியில் யார், எவ்வளவு வாங்குவார் என்று தெரிந்துகொண்டதே அண்ணனுக்கு ஒரு முதல்.

2024 நவம்பரில் தொடங்கினார். கடை இல்லை. வேக்குவம் பம்ப், கேஜ் செட், பற்றவைக்கும் செட், குழாய் விரிக்கும் டூல், நைட்ரஜன் சிலிண்டர், எடைத் தராசு, துளை போடும் மெஷின், தண்ணீர் அடித்துக் கழுவும் பம்ப், ஏணி எல்லாம் சேர்ந்து 75,000. பெட்டி கட்டிய பழைய பைக் 45,000. கெப்பாசிட்டர், குழாய், கேஸ் என்று கையிருப்பு 40,000. மொத்தம் 1,60,000. அடுத்து ஓராண்டு வீட்டுச் செலவு 1,44,000ஐத் தனிக் கணக்கில் போட்டோம். அதிலிருந்து மாதம் 12,000 மட்டும் அண்ணி எடுப்பார், தொழில் வருமானம் வேறு கணக்கில் சேரும். மளிகைக் கடையில் கற்ற பாடம் இது ஒன்றுதான். அந்த முதல் ஆண்டு முழுக்க எது சம்பளம், எது முதல் என்ற குழப்பம் வரவில்லை.

நவம்பரில் தொடங்கியது தப்பா என்றால், இல்லை. மழை மாதத்தில் வந்தது ஒன்பது அழைப்புதான். ஆனால் ஒன்பதையும் நிதானமாகச் செய்தார், ஒரு வேலைக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஏப்ரலில் தொடங்கியிருந்தால் தடுமாறி முதல் வாரத்திலேயே பெயர் கெட்டிருக்கும்.

பெயர் வந்தது ஒரு கிளினிக்கில். அங்கே ஏசி குளிரவில்லை. ஓராண்டில் மூன்று முறை மூன்று மெக்கானிக் வந்து கேஸ் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் ஓடும், பிறகு உள் யூனிட்டில் ஐஸ் கட்டும். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரித் தீர்ந்து போகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிக்கிறவர் அடுத்த வரவுக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறார். அண்ணன் குழாயில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். வெளி யூனிட்டில் நட்டு இறுக்கும் இடத்தில் குழாயின் விரிந்த வாய் மயிரிழை அளவு பிளந்திருந்தது. வெட்டி, புதிதாக விரித்துப் போட்டார். அடுத்து வேக்குவம் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டார். இங்கே பலரும் இதைச் செய்வதில்லை, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைத் தின்னும். உடனே தெரியாது, இரண்டு வருடம் கழித்துத் தெரியும். பிறகு வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதைத் தராசில் நிறுத்து ஏற்றினார். அந்த ஏசி அதற்குப் பிறகு கேஸ் கேட்கவில்லை. கிளினிக்கில் இருந்தவர் மருந்துக் கடைக்குச் சொன்னார், மருந்துக் கடைக்காரர் தன் ஃபிரிட்ஜைக் கொடுத்தார். அங்கிருந்து மொபைல் கடை, ஒரு கல்யாண மண்டபம். 11 ஆண்டு குழாய் பற்றவைத்த கை இங்கே காசானது.

சாதி இங்கே இல்லையா என்று கேட்பீர்கள். ஏசி எங்கே மாட்டியிருக்கும்? படுக்கையறையில். மளிகைக் கடையில் அவர்கள் நம் வாசலுக்கு வரவில்லை. இங்கே நாம் அவர்கள் வீட்டின் உள்ளறைக்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் பெரியவர் வாசலிலேயே எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, "அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். இன்னொரு வீட்டில் கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். தண்ணீர் பேப்பர் கப்பில் வரும். அண்ணன் தன் பாட்டிலைத் தானே கொண்டுபோகிறார். மே மாதம், பிற்பகல், குழந்தை அழுகிறது, வேறு மெக்கானிக் மூன்று நாள் கழித்துத்தான் வருவார் என்றால் யாரும் தெரு கேட்பதில்லை. டிசம்பரில் கேட்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வேலையை வீடுகளை நம்பி வைக்கக் கூடாது என்று இதிலிருந்து முடிவு செய்தோம். கிளினிக், மருந்துக் கடை, வங்கிக் கிளை, மண்டபம் ஆகியவற்றோடு ஆண்டுக்கு இத்தனை முறை சர்வீஸ் என்று எழுதி வாங்கினார். அவர்களும் பணம் தர 45 நாள், 60 நாள் இழுப்பார்கள். ஆனால் அது தாள் மேல் இருக்கும் பாக்கி, பில் இருக்கிறது. வீடுகளில் வேலை முடிந்த கையோடு பணம், இல்லையென்றால் கழற்றிய பழைய பாகம் அண்ணன் பெட்டியில். மளிகை நோட்டில் கிடைக்காத பிடி அந்தப் பாகத்தில் இருக்கிறது.

முதல் 12 மாதத்தில் செலவு போக நின்றது 2,40,000. மார்ச் முதல் ஜூன் வரை மாதம் 38,000, மற்ற எட்டு மாதம் சராசரி 11,000. சராசரி மாதம் 20,000. கத்தாரில் வாங்கியதில் பாதி. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

கடைசியாகக் கடனும் மானியமும், ஏனென்றால் உங்களில் பலர் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, வட்டியிலும் 6 சதவீதம் சலுகை. ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கிராமப்புறப் பட்டியல் சாதியினருக்கு 35 சதவீதம், நகரத்தில் 25. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். இவை நம் உரிமை, கெஞ்சிப் பெறுவதல்ல. ஆனால் பாருங்கள், போன ஆகஸ்டில் ஒரு தரகர் அண்ணனிடம் வந்தார். பத்து லட்சத்துக்கு ஏசி ஷோரூம் போடலாம், ஒன்றிய அரசுத் திட்டத்தில் மூன்றரை லட்சம் மானியம், எல்லாப் பேப்பரும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றிரவு கணக்குப் போட்டோம். நம் பங்கு 50,000. மானியம் கைக்கு வராது, மூன்று ஆண்டு வங்கியில் நம் பெயரில் வைப்பாகக் கிடக்கும். தொழில் ஓடிக்கொண்டிருப்பதைச் சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆறு லட்சம் கடன். 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதம் 13,000 தவணை. எட்டு மாதம் அண்ணனுக்கு வருவது 11,000. ஷோரூமுக்கு இடமும் வேண்டும். அந்த இடம் கடைவீதியில்தான், அதே கடை உரிமையாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். இப்போது உதயம் பதிவு மட்டும் செய்திருக்கிறோம். அதற்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொரு கோடைக் கணக்கை வங்கிக் கணக்கு வழியாகக் காட்டிவிட்டு, ஒரு உதவியாளுக்கும் சின்ன வண்டிக்கும் மட்டும் மாநிலத் திட்டத்தில் கேட்கலாம் என்றிருக்கிறார். உதவியாளாக யாரைச் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. காலனிப் பையன் ஒருவனைச் சேர்க்க வேண்டுமென்கிறேன் நான். வாயில் பொய் வராத பையனாக இருந்தால் சரி என்கிறார் அவர்.

அந்தப் பாக்கி நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. 85,000 வரவேண்டியிருக்கிறது. காலனியில் ஒரு அம்மா மட்டும் மாதா மாதம் வந்து 200 ரூபாய் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்து வந்து அடிக்கச் சொல்கிறார். மற்றவர்களிடம் அண்ணன் கேட்பதில்லை, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

கேள்விகளை என்னிடம் கேட்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். ஆனால் சீக்கிரம் கேளுங்கள். நான்கு மணிக்கு அவருக்கு ஒரு மண்டபத்தில் வேலை இருக்கிறது, ஏணி வெளியே பைக்கில் கட்டியிருக்கிறது.